‘முன்’ என்ற சொல்லும் ஸ்பேனர் போன திசையும்

வண்டியின் பேட்டரியை மாற்றுவது எப்படி என்று சொல்லும் ஒரு பக்கச் செய்முறைத் தாளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை ஒருமுறை எனக்கு வந்தது. எண்ணிட்ட நான்கு படிகள், ஓர் எச்சரிக்கை, ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அரை நாள் வேலை என்று நினைத்தேன். அரை நாளில் முடித்தும் விட்டேன். அனுப்பும் முன் வண்டி வேலை ஓரளவு தெரிந்த நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, “தாளில் இருப்பதைப் படித்துப் படித்துச் செய்யுங்கள், தெரிந்ததை வைத்துச் செய்துவிடாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாவது படியை அவர் வாய்விட்டு வாசித்தார்: “நேர்முனை கேபிளுக்கு முன் எதிர்முனை கேபிளைக் கழற்றவும்.” வாசிப்பு முடிவதற்குள் ஸ்பேனர் நேர்முனைப் பக்கம் போய்விட்டது. பிறகு கையை நிறுத்திவிட்டு, நேர்முனைக்கு எதிரே வேறு ஏதோ கேபிள் இருக்கிறது போலும் என்று குனிந்து தேடத் தொடங்கினார்.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்குப் பொருளும் விளங்கும். ஆனால் செய்முறைத் தாளை யாரும் மேசையில் உட்கார்ந்து படிப்பதில்லை. பாதிக் கண் தாளிலும் பாதிக் கண் வேலையிலுமாக இருப்பவர், முதலில் கண்ணில் படும் பொருளின் மேல் கையை வைக்கிறார். என் வாக்கியத்தில் முதலில் கண்ணில் பட்டது, கடைசியாகத் தொட வேண்டிய பொருள். போதாக்குறைக்கு ‘முன்’ என்ற சொல் காலத்தையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். ‘எதிர்’ என்பதும் அப்படியே. இரண்டும் அருகருகே வந்ததால், ‘நேர்முனைக்கு முன்னால், அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கேபிள்’ என்று அவர் புரிந்துகொண்டதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

அந்தப் படியில் வரிசை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போதைய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அந்த இணைப்பு இருக்கும்போது பாசிட்டிவ் முனையின் நட்டை ஸ்பேனரால் திருப்பினால், ஸ்பேனரின் மறு நுனி வண்டியின் இரும்பில் எங்கு பட்டாலும் நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் கையைச் சுடும் அளவுக்குக் காயும், பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வாயு அருகில் தேங்கியிருந்தால் வெடிக்கவும் கூடும். நெகட்டிவை முதலில் கழற்றினால் இந்த ஆபத்து இல்லை; நெகட்டிவும் வண்டி உடலும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், அப்போது ஸ்பேனர் இரும்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அது கழன்ற பிறகு பாசிட்டிவைத் தொடுவதிலும் அபாயம் இல்லை, ஏனென்றால் சுற்று ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருக்கிறது. திரும்ப மாட்டும்போது இதே காரணத்தால் வரிசை தலைகீழாகிறது: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். ஆங்கில மூலத்தில் ‘நெகட்டிவைக் கழற்று’ என்ற ஏவல் முதலில் நின்றது. ‘பிஃபோர்’ என்ற சொல்லும் பாசிட்டிவும் அதற்குப் பின்னால் வந்தன. அதாவது, எழுத்து வரிசையும் செயல் வரிசையும் அங்கே ஒன்றாகவே இருந்தன. தமிழில் முற்றுவினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். அதைச் சார்ந்த தொடர்கள் எல்லாம் அதற்கு முன்னால் வந்து சேரும். எனவே ‘பிஃபோர்’ என்பதை ‘முன்’ என்று ஆக்கிய உடனேயே, பின்னால் செய்ய வேண்டிய செயல் வாக்கியத்தின் தலைக்கு ஏறிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் கவனமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். தமிழின் அமைப்பே அப்படி.

இதற்கு நான் கண்ட வழி மிக எளியது. ‘முன்’ என்று வரும் தொடரை ‘பிறகு’ என்ற தொடராகத் திருப்பிவிட வேண்டும். தமிழில் சார்ந்த தொடர் முன்னால்தான் வரும் என்றால், முன்னால் செய்ய வேண்டிய செயலையே சார்ந்த தொடராக ஆக்கிவிட்டால் போயிற்று. “நெகட்டிவ் கேபிளைக் கழற்றிய பிறகு பாசிட்டிவ் கேபிளைக் கழற்றவும்.” கண் போகும் வரிசையில் கையும் போகும். இதைவிடவும் நல்லது, இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுவது: “முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றவும். அதன் பிறகே பாசிட்டிவ் கேபிளைக் கழற்றவும்.” ‘பிறகே’ என்பதில் உள்ள ஏகாரம், ஆங்கிலத்தில் ஒரு தனிச் சொல் செய்யும் வேலையை ஒற்றை எழுத்தில் செய்துவிடுகிறது. கூடவே, நேர்முனை, எதிர்முனை என்ற சொற்களையும் விட்டுவிட்டேன். பாடநூலில் அவை சரி. பேட்டரியின் மேல் அச்சாகியிருப்பவை + மற்றும் − குறிகள். வேலை செய்பவர்களின் வாயில் இருப்பவை பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொற்கள். தாள் பேட்டரியோடு பேச வேண்டும், பாடநூலோடு அல்ல.

‘முன்’ என்ற சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. “தொடங்கும் முன்” என்பது போலத் தலைப்பில் வரும்போதும், முன்னால் சொல்லப்படுவது கையால் செய்ய முடியாத ஒன்றாக இருக்கும்போதும் அது தொல்லை தருவதில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு செயல்கள், இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் என்றால் மட்டும் நான் அதைத் தவிர்க்கிறேன்.

அடுத்து நான் தடுக்கி விழுந்த இடம் வினையெச்சம். செயல்களின் வரிசையைச் சொல்வதற்குத் தமிழில் ‘செய்து’ என்னும் எச்சத்தைப் போல வசதியான கருவி வேறு இல்லை; ‘போய், எடுத்து, வந்து, கொடு’ என்றால் நான்கு செயல்களும் தம் வரிசையிலேயே நிற்கின்றன. அந்த வசதிதான் சிக்கலும். ஆங்கிலத்தில் ‘அழுத்து’, ‘இழு’ என்ற இரண்டு ஏவல்களை ‘அண்ட்’ போட்டு இணைத்திருந்தால், கை தானாக “அழுத்தி இழுக்கவும்” என்று எழுதிவிடும். ஆனால் அழுத்தி முடித்து, விரலை எடுத்துவிட்டு, பிறகு இழுப்பதா? அழுத்திய விரலை அப்படியே வைத்துக்கொண்டு இழுப்பதா? ‘அழுத்தி’ என்பது இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

வண்டியில் உள்ள ஒயர் கனெக்டர்கள் பலவற்றில் சிறிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரையில்தான் பூட்டு விடுபட்டிருக்கும். விரலை எடுத்தால் மறுபடியும் கவ்விக்கொள்ளும். “நாக்கை அழுத்தி கனெக்டரை இழுக்கவும்” என்று எழுதினால், ஒரு முறை அழுத்திவிட்டு, பிறகு ஒயரைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுப்பவர் கட்டாயம் இருப்பார். நாக்கு ஒடியும், அல்லது ஒயர் பிடுங்கிக்கொண்டு வரும். “நாக்கை அழுத்திப் பிடித்தபடியே கனெக்டரை இழுக்கவும்” என்றால் அந்தக் குழப்பத்துக்கு வழியில்லை. எனவே இப்போது எனக்கென்று ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். ஒன்று முடிந்த பிறகே மற்றது என்றால் ‘விட்டு’ சேர்க்கிறேன்: தளர்த்திவிட்டு, கழற்றிவிட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் என்றால் ‘படியே’ அல்லது ‘கொண்டே’. வெறும் ‘செய்து’ எச்சத்தை, ஒரு செயல் இன்னொன்றின் வழிமுறையாக இருக்கும் இடத்துக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன்: “நட்டை இடஞ்சுழியாகத் திருப்பிக் கிளாம்பைத் தளர்த்தவும்.” இங்கே திருப்புவதும் தளர்த்துவதும் இரண்டு வேலைகள் அல்ல, திருப்பினால் தளரும். இதையே “கிளாம்பைத் தளர்த்த நட்டைத் திருப்பவும்” என்றும் எழுதலாம், பிழையில்லை. ஆனால் கை முதலில் போக வேண்டியது நட்டுக்கு, கிளாம்புக்கு அல்ல.

விமானப் பராமரிப்பு ஏடுகளுக்காக வளர்க்கப்பட்ட எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான் இருக்க வேண்டும், இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடப்பதானால் மட்டும் சேர்த்து எழுதலாம். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் விதி. அந்த விதிப்படி எழுதிய மூலம் கிடைத்தால் மொழிபெயர்ப்பாளருக்கு யோகம்தான். அங்கே ‘அண்ட்’ வந்தால் ‘படியே’ என்று துணிந்து எழுதலாம். எனக்கு வரும் மூலங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே ஐயம் வந்தால் ஊகிக்காமல், எழுதியவரிடமே கேட்டுவிடுகிறேன். விரலை எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரு கேள்விக்கு மூன்று நாள் காத்திருந்ததும் உண்டு.

இந்த இடத்தில் நிறுத்தக்குறியைப் பற்றி ஒரு சொல். படிகளை முடிக்க நாம் எல்லோரும் ‘கழற்றவும்’, ‘மாட்டவும்’ என்ற வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். அதன் பின்னால் காற்புள்ளி போட்டுவிட்டு அடுத்த செயலைத் தொடரும் பழக்கம் ஆங்கிலத்தைப் பார்த்து வருவது. “கேபிளைக் கழற்றவும், ஒதுக்கி வைக்கவும்” என்று வாசிக்கும்போது, ‘கழற்றவும் வைக்கவும் இது உதவும்’ என்பது போல ஏதோ தொடரப் போகிறது என்று மனம் எதிர்பார்க்கிறது. அந்த ‘உம்’ கட்டளையாகவும் தோன்றும், அடுக்காகவும் தோன்றும். முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் அது கட்டளைதான்.

எச்சரிக்கைக்கு வருகிறேன். மூலத்தில் அது இரண்டாவது படிக்குக் கீழே இருந்தது. படிக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்பது எந்த மொழிக்கும் பொதுவான விதி, எனவே அதை நீட்டி முழக்கப் போவதில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன், ஒப்புக்கொண்டார்கள், மேலே ஏற்றினேன். தமிழுக்கே உரிய சிக்கல் அதன் உள்ளே இருந்தது. என் முதல் வரைவு இது: “நெகட்டிவ் கேபிள் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் முனையின் நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, ஸ்பேனர் வண்டியின் உலோகப் பகுதிகளில் படும்படி விட வேண்டாம்.” ஆங்கிலத்தில் தடைச் சொல் முதலிலேயே வந்துவிடும், அதற்குப் பின் வருவதெல்லாம் செய்யக் கூடாதவை என்று வாசகருக்குத் தெரியும். தமிழில் தடை கடைசிச் சொல்லில் ஒளிந்திருக்கிறது. அதுவரையில் அந்த வாக்கியம், ஆபத்தைப் படிப்படியாகச் செய்து காட்டும் செய்முறையாகவே ஓடுகிறது. முற்றும் வாசிக்காதவர், அல்லது வாசித்துக்கொண்டே செய்பவர், தடை வரும் முன்பே தடுக்கப்பட்டதைச் செய்து முடித்திருப்பார்.

கடைசிச் சொல்லான ‘வேண்டாம்’ என்பதிலும் ஒரு கோளாறு. ‘செய்யாதே’ என்பதும் வேண்டாம்தான். ‘செய்யத் தேவையில்லை’ என்பதும் வேண்டாம்தான். “மூடியைக் கழற்ற வேண்டாம்” என்றால், கழற்றுவது தடை என்று ஒருவர் கொள்வார். கழற்றாமலே வேலை முடியும், கழற்றினாலும் பாதகமில்லை என்று இன்னொருவர் கொள்வார். பேச்சில் குரல் அதைத் தீர்த்துவிடும். தாளுக்குக் குரல் இல்லை. ஆகவே எச்சரிக்கைகளில் ‘கூடாது’ அல்லது ‘ஆதீர்கள்’ என்று முடியும் வடிவம் மட்டும், குறிப்புகளில் ‘வேண்டியதில்லை’. ‘வேண்டாம்’ என்ற சொல் எச்சரிக்கையில் வந்தால் இப்போது என் கண்ணில் அது எழுத்துப் பிழையைப் போல உறுத்துகிறது.

நீளமான தடையைக் கையாள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதைக் குறுக்கிக் கண் ஒரே வீச்சில் கடைசிச் சொல்லைத் தொடும்படி செய்வது: “நெகட்டிவ் கழன்றிராமல் பாசிட்டிவைத் தொடாதீர்கள்.” இன்னொன்று, தடையை அனுமதியின் எல்லையாகத் திருப்பிச் சொல்வது: “நெகட்டிவ் கேபிள் கழன்ற பிறகே பாசிட்டிவ் முனையில் ஸ்பேனரை வைக்க வேண்டும்.” இரண்டாவது வழியில், பாதியில் நிறுத்தியவரும் ‘நெகட்டிவ் கழன்ற பிறகே’ என்பதை வாசித்திருப்பார்; அது போதும். ஆனால் தடையின் உறைப்பு சற்றுக் குறைகிறது என்று திருத்துநர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனவே விளைவைத் தனி வாக்கியமாக உடனே அடுத்து வைத்தேன்: தீப்பொறி, வெடிப்பு, தீக்காயம். எல்லையை முதல் வாக்கியமும் உறைப்பை அடுத்த வாக்கியமும் சுமக்கின்றன.

எச்சரிக்கையின் தலைச்சொல்லைப் பொறுத்தவரை, தாளுக்குத் தாள் மாறாத ஒரு பட்டியல் இருந்தால் போதும். அமெரிக்கத் தர விதிகளின்படி உயிரிழப்போ படுகாயமோ உறுதி என்றால் ஒரு சொல், நேரக்கூடும் என்றால் இன்னொரு சொல், சிறு காயம் என்றால் மூன்றாவது. நான் அவற்றை முறையே அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று வைத்திருக்கிறேன். விமானத் துறை ஏடுகளில் பிரிவினை வேறு: ஆளுக்குக் கேடு என்றால் எச்சரிக்கை, பொருளுக்குக் கேடு என்றால் கவனம். எந்தப் பிரிவினை என்று மூலத்தின் முதல் பக்கங்களில் பார்க்காமல் தொடங்கினால், எல்லாமே ‘எச்சரிக்கை’ ஆகிவிடும்.

குறிப்பு, தாளின் கடைசியில் இருந்தது: “பேட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டால் சில ரேடியோக்கள் மீண்டும் இயங்கக் குறியீட்டு எண்ணைக் கேட்கும், எனவே அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவும்.” கடைசியில் படிப்பவருக்கு ‘முன்கூட்டியே’ என்ற சொல் வெறும் எரிச்சலைத்தான் தரும். இதில் தகவல் ஒன்று, செயல் ஒன்று. தகவல் குறிப்பாக இருக்கலாம். செயல் எண்ணிட்ட படியாக மாற வேண்டும், அதுவும் முதல் படியாக. குறிப்புகளை மொழிபெயர்க்கும்போது ‘வும்’ என்று முடியும் வினை ஏதேனும் வருகிறதா என்று பார்ப்பது இப்போது எனக்கு அனிச்சையாகிவிட்டது. வந்தால், அது எங்கிருந்தோ தப்பி வந்த படி.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் அலைக்கழித்தது நான்காவது படி. “2, 3 ஆகிய படிகளைத் தலைகீழ் வரிசையில் செய்து புதிய பேட்டரியைப் பொருத்தவும்” என்பது அதன் சாரம். இரண்டாவது படிக்குள் இரண்டு கேபிள்களும் ஒன்றாக இருந்தன. மூன்றாவது படி கிளாம்பைத் தளர்த்தி பேட்டரியை வெளியே எடுப்பது. படிகளைத் தலைகீழாக்கினால் முதலில் 3, பிறகு 2. சரி. ஆனால் 2-இன் உள்ளே இருக்கும் இரண்டு செயல்களும் தலைகீழாகுமா? படிகளின் வரிசைதான் மாறுகிறது, படிக்குள் இருப்பது எழுதியபடியே என்று ஒருவர் வாசித்தால் நெகட்டிவைத்தான் முதலில் மாட்டுவார். ஆங்கிலத்திலும் இந்தக் குறை இருக்கிறது; தமிழில், “கழற்றிய பிறகு கழற்றவும்” என்ற தொடரை மனதுக்குள் “மாட்டிய பிறகு மாட்டவும்” என்று புரட்டிப் பார்ப்பது இன்னும் கடினம். எச்சமும் முற்றும் இடம் மாற வேண்டும், வேற்றுமை உருபுகளும் கூடவே நகர வேண்டும். கையில் ஸ்பேனரோடு அதை யார் செய்வார்கள்?

இங்கே மொழிபெயர்ப்பாளரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்ற கேள்வி எழுகிறது. ஒரு படிக்குள் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைப்பது என் உரிமை. ஒரு படியை இரண்டு எண்களாக உடைப்பது என் உரிமை அல்ல. படத்தில் இருக்கும் எண்கள், வேறு பக்கத்தில் ‘படி 3-ஐப் பார்க்கவும்’ என்று சொல்லும் வரிகள், மற்ற மொழிப் பதிப்புகள் எல்லாம் அந்த எண்களை நம்பி நிற்கின்றன. தமிழில் மட்டும் எண்ணை மாற்றினால், தொலைபேசியில் “நான்காவது படியைச் செய்துவிட்டீர்களா?” என்று கேட்பவரும் பதில் சொல்பவரும் வேறு வேறு வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனவே, மூலத்தையே திருத்தும்படி காரணங்களோடு எழுதினேன். ஒப்புதல் வந்த பிறகு தமிழ்த் தாள் இப்படி அமைந்தது:

1. ரேடியோவுக்குக் குறியீட்டு எண் இருந்தால், அதை எழுதி வைத்துக்கொள்ளவும்.

2. எஞ்சினை நிறுத்தவும். சாவியை வெளியே எடுக்கவும்.

எச்சரிக்கை: நெகட்டிவ் (−) கேபிள் கழன்ற பிறகே பாசிட்டிவ் (+) முனையில் ஸ்பேனரை வைக்க வேண்டும். இல்லையென்றால், ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டதும் தீப்பொறி பறக்கும். பேட்டரி வெடித்துக் காயம் ஏற்படலாம்.

3. நெகட்டிவ் (−) கேபிளைக் கழற்றவும். அது திரும்ப பேட்டரியைத் தொடாதபடி ஒதுக்கி வைக்கவும்.

4. பாசிட்டிவ் (+) கேபிளைக் கழற்றவும்.

5. கிளாம்பின் நட்டைத் தளர்த்திவிட்டு, கிளாம்பை எடுக்கவும். பழைய பேட்டரியை நிமிர்த்திப் பிடித்தபடியே வெளியே தூக்கவும்.

6. புதிய பேட்டரியை வைக்கவும். கிளாம்பைப் பொருத்தி நட்டை இறுக்கவும்.

7. பாசிட்டிவ் (+) கேபிளை மாட்டவும்.

8. நெகட்டிவ் (−) கேபிளைக் கடைசியாக மாட்டவும்.

‘தலைகீழ்’ என்ற சொல்லே இப்போது தாளில் இல்லை. நான்கு படிகள் எட்டாகிவிட்டன, ஆனால் எந்த வாக்கியத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 3, 4 ஆகியவற்றில் ‘பிறகு’ கூட இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். எண்களே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ‘கடைசியாக’ என்பதை 8-இல் மட்டும் விட்டுவைத்தேன், அது எண்ணுக்கு மேல் ஒரு காரணத்தையும் சொல்வதால்.

அதே நண்பரிடம் தாளைத் திரும்பக் கொடுத்தேன். இந்த முறை புரிகிறதா என்று கேட்கவில்லை. புரிகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்த இடத்திலிருந்து கண் பின்னோக்கி ஓடுகிறதா, ஸ்பேனர் போன இடத்திலிருந்து திரும்புகிறதா என்ற இரண்டைத்தான் நான் எண்ணுவேன். மூன்றாவது, நான்காவது படிகளில் இரண்டும் நடக்கவில்லை. ஆறாவது படியில் நின்றார். “பொருத்தி இறுக்கவும் என்கிறீர்கள், கிளாம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டுமா, வைத்துவிட்டு இறுக்கலாமா?” என்று கேட்டார். என் விதியை நானே மீறியிருந்தேன். ‘பொருத்திவிட்டு’ என்று பென்சிலால் திருத்தித் தாளை நீட்டினேன். அவர் அதற்குள் நட்டை இறுக்கத் தொடங்கியிருந்தார்.